தெரியுமா? பொய்யான பிறந்த தேதிக்கும் ஆண்டுதோறும் வயது ஏறும்!

உள்ளே நுழைய வந்தவரை உட்காரவைத்துப் பொது அறிவுத் தேர்வு நடத்திய கணினி விளையாட்டு ஒன்று இருந்தது, தெரியுமா? 'லெஷர் சூட் லாரி' என்று பெயர். 1987-ல் அமெரிக்காவின் சியரா நிறுவனம் வெளியிட்டது. பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டு. அதை உருவாக்கிய அல் லோவுக்கு ஒரு கவலை: கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது அப்பாவா, அப்பா ஆபீஸ் போன பிறகு வந்து உட்கார்ந்த பிள்ளையா?

வயதைக் கேட்டது விளையாட்டு. ஆனால் சொன்ன வயதை நம்பவில்லை! அடுத்து ஒவ்வொன்றாகக் கேள்விகள் வந்தன. பழைய அரசியல், பழைய தொலைக்காட்சி, பழைய செய்திகள். அந்தக் காலத்து அமெரிக்கப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும், பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்காது என்று பார்த்துப் பொறுக்கிய கேள்விகள். விடை தவறினால் கதவு மூடிக்கொள்ளும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? Alt-ஐயும் X-ஐயும் சேர்த்து அழுத்தினால் தேர்வே இல்லாமல் உள்ளே போய்விடலாம் என்ற ரகசியம் வெளியே கசிந்தது. ஒரு பிள்ளைக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்தது. இன்னொரு வேடிக்கை: அந்தக் கேள்விகளை இன்று நாற்பது வயதுக்காரரிடம் நீட்டினால் அவரும் தோற்றுப்போவார். பெரியவர்களை உள்ளே விடுவதற்காக வைத்த பூட்டு, இப்போது பெரியவர்களையே வெளியே நிறுத்துகிறது!

ஆனாலும் அல் லோவைப் பாராட்டத்தான் வேண்டும். 'எனக்கு 18' என்று யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குப் பின்னால் வந்த இணையதளங்கள் பல ஆண்டுகள் அந்தச் சந்தேகம்கூடப் படவில்லை. தேதி, மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களை வைத்தார்கள். எதைத் தட்டினாலும் 'வருக வருக' என்றார்கள்.

அந்த 13 எங்கிருந்து வந்தது, தெரியுமா?

பேஸ்புக்கானாலும் இன்ஸ்டாகிராமானாலும் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஏன் 13? குழந்தை மருத்துவர்கள் கூடி முடிவு செய்தார்களா? மனநல வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னார்களா? இல்லவே இல்லை!

1998-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சுருக்கமாகக் காப்பா என்பார்கள். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 13 வயது நிறையாத குழந்தையின் பெயர், முகவரி போன்ற சொந்தத் தகவல்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்த இணையதளமும் திரட்டக் கூடாது; அந்தச் சம்மதமும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். அந்தச் சட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவரான எட்வர்ட் மார்க்கி 16 வேண்டும் என்றுதான் விரும்பினார். பேச்சுவார்த்தையில் 13-க்கு இறங்கி வந்தார். உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அந்த எண், அமெரிக்கத் தலைநகரில் பேரம் பேசி வந்த எண்!

இன்னும் கூர்ந்து பாருங்கள். பார்க்கக் கூடாத படம், பேசக் கூடாத ஆள் என்பதைப் பற்றியெல்லாம் அந்தச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. அது தகவல் சேகரிப்பைப் பற்றிய சட்டம். '13 ஆனால் பாதுகாப்பு' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது நாமாகச் சேர்த்துக்கொண்ட பொருள்.

சட்டத்தில் ஒரு நுட்பமான ஓட்டையும் இருந்தது. குழந்தைகளுக்காகவே நடத்தப்படும் தளம் என்றால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. பொதுவான தளம் என்றால், வந்திருப்பது குழந்தை என்று அதற்கு 'உண்மையாகத் தெரிந்திருந்தால்' மட்டுமே சட்டம் பிடிக்கும். நிறுவனத்தின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தெரிந்தால் தொல்லை, தெரியாவிட்டால் தொல்லையில்லை. பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது செலவுபிடித்த வேலை. பிறந்த தேதியைக் கேட்டு, 13-க்குக் கீழே என்றால் கதவை அடைத்துவிடுவது செலவில்லாத வேலை. வந்த குழந்தை பொய்த் தேதி போட்டால்? நிறுவனத்துக்குத் 'தெரியாது'! மூன்று கட்டங்கள் உலகெங்கும் பரவிய கதை இதுதான். குழந்தையைக் காப்பதற்காக என்பதைவிட நிறுவனத்தைக் காப்பதற்காகவே அந்தக் கட்டங்கள் வந்தன என்பேன்.

கேட்டும் கோட்டைவிட்டவர்கள் உண்டு! ஸாங்கா என்று ஒரு தளம் இருந்தது. 13-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இடமில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் குழந்தைகள் தங்கள் உண்மையான பிறந்த தேதியைப் போட்டபோதும் கணக்கு திறந்துகொண்டது! போட்ட தேதியை யாரும் கணக்குப் பார்க்கவே இல்லை. இப்படித் திறந்த கணக்குகள் 17 லட்சம். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2006-ல் 10 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. சிக்க வைத்தது எது தெரியுமா? பிள்ளைகள் சொன்ன உண்மை! அவர்கள் எல்லாரும் பொய் சொல்லியிருந்தால் ஆணையத்தின் கையில் அந்த ஆதாரமே இருந்திருக்காது.

'பின்னால் போ' பொத்தானின் மகிமை

ஒரு பத்து வயதுப் பெண் உண்மையான ஆண்டைப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மன்னிக்கவும், உனக்கு 13 ஆகவில்லை' என்று திரை சொல்கிறது. அவள் ஒரு படி பின்னால் போகிறாள். ஆண்டை மாற்றுகிறாள். உள்ளே வந்துவிட்டாள்! பொய் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அந்தத் திரையேதான். எந்த விடை தவறு என்பதையும், எந்த எண்ணைத் தாண்டினால் சரியாகும் என்பதையும் அதுவே சொல்லிவிட்டதே!

இதனால்தான் மத்திய வணிக ஆணையம் 'பாரபட்சமற்ற கேள்வி' என்று ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. '13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்' என்று முன்கூட்டியே பறைசாற்றக் கூடாது. ஆண்டுப் பட்டியலில் 13-க்கு மேற்பட்ட ஆண்டுகளை மட்டும் வைக்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுக்காமல் இயல்பாகக் கேட்க வேண்டும். பின்னால் போய் வேறு தேதி போட முடியாதபடி, முதலில் சொன்னதைக் குக்கீயில் குறித்துவைக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குக்கீயை அழிக்கத் தெரியாத பத்து வயதுப் பிள்ளைக்கு, அழித்துக் காட்ட எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவன் வீட்டில் இருப்பான்.

அண்ணன்கூட வேண்டாம், அம்மாவே போதும்! டானா பாய்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-ல் அமெரிக்கப் பெற்றோர் 1,007 பேரிடம் விசாரித்தார்கள். 12 வயதுப் பிள்ளையை உடைய பெற்றோரில் 55 சதவீதத்தினர், 'என் பிள்ளைக்குப் பேஸ்புக் கணக்கு இருக்கிறது' என்றார்கள். அந்தக் கணக்கைத் திறக்க நாங்களே உதவினோம் என்று அவர்களில் 76 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள்! பிள்ளை பெற்றோரை ஏமாற்றி ஓடிப்போய்க் கணக்குத் திறக்கிறது என்பது நம் கற்பனை. பாட்டிக்குப் படம் அனுப்ப வேண்டும், வகுப்புத் தோழிகள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள்தான். பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கிய சட்டம், கடைசியில் பெற்றோரையே பொய்க்குக் கூட்டாளியாக்கிய அதிசயத்தை என்ன சொல்ல!

பொய்க்கு வயது ஏறும் விதம்

இந்தக் கதையில் என்னை வாய்பிளக்க வைத்தது இந்த இடம்தான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். கயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூன் 10-ல் பிறந்தவள். ஊரடங்குக் காலத்தில், 2021 மார்ச்சில், எல்லாரும் போனும் கையுமாக இருந்தபோது ஒரு தளத்தில் கணக்குத் திறக்கிறாள். அப்போது அவளுக்கு வயது 7. தளத்துக்கு 13 வேண்டும். ஆண்டுப் பட்டியலை உருட்டி 2008-ல் நிறுத்துகிறாள். மாதமும் தேதியும் ஏற்கெனவே திரையில் இருந்த ஜனவரி 1. தளத்தின் கணக்குப்படி 13 முடிந்துவிட்டது. உள்ளே போகிறாள்.

வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். தளம் மறக்கவில்லை. 2022-ல் அதன் கணக்கில் அவளுக்கு 14. 2024-ல் 16. 2026 ஜனவரி 1 அன்று அவளுக்கு 18! அன்றைக்குக் கயலின் உண்மையான வயது 12. அவள் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும்போது, கணினி அவளை வாக்குரிமை பெற்ற பெரியவளாக நடத்தத் தொடங்குகிறது.

அதனால் என்ன என்கிறீர்களா? இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் 'பதின்வயதுக் கணக்கு' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். 16-க்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதித்தால்தான் இவற்றைத் தளர்த்த முடியும். இத்தனை பாதுகாப்பும் யாருக்கு? 13 முதல் 17 வயது என்று தளம் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு! கயலின் உண்மையான 13-வது பிறந்தநாள் 2026 ஜூனில் வருகிறது. யாருக்காக அந்த வேலி போடப்பட்டதோ, அந்த வயதுக்கு அவள் வந்து சேரும்போது வேலி அவளைவிட்டு நீங்கி ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆப்காம் 2022-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. சமூக ஊடகத்தில் கணக்கு வைத்திருந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவரைத் தளங்கள் 18 நிறைந்தவர் என்றே பதிவு செய்து வைத்திருந்தன. அவர்களில் பலரும் 'எனக்கு 18' என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்ன வயதில் சின்னதாக ஒரு பொய் சொன்னார்கள். மீதியைக் காலண்டர் பார்த்துக்கொண்டது!

உண்மை சொன்னவர் கணக்கு பூட்டப்பட்டது, தெரியுமா?

2018 மே மாதம் ஐரோப்பாவில் புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடனே ட்விட்டர் தன் கிடங்கைத் துழாவியது. கணக்குத் திறந்த நாளில் 13 நிறையாதவர் என்று எவருடைய பிறந்த தேதி காட்டியதோ, அவர் கணக்கெல்லாம் பூட்டப்பட்டது. அவர்களில் பலர் அப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டவர்கள்! 12 வயதில் சேர்ந்து, பின்னாளில் நேர்மையாகத் தன் பிறந்த தேதியைச் சேர்த்தவர்கள். இன்னொரு கூட்டமும் மாட்டியது. தங்கள் நிறுவனம் தொடங்கிய நாளையே பிறந்த தேதியாகப் போட்டுவைத்த கடைகளும் கம்பெனிகளும்! மூன்று வயதுப் பேக்கரிக்கு ட்விட்டரில் இடமில்லையே.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னும் பெரிய கூத்து. 'பிறந்த ஆண்டை 2007 என்று மாற்றுங்கள், உங்கள் திரை வண்ணமயமாக மாறும்' என்று எவரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார். நம்பியவர்கள் மாற்றினார்கள். வண்ணமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. 2007 என்றால் அப்போது 13 ஆகியிருக்காது; கணக்கு பூட்டிக்கொண்டது! 'தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்' என்று ட்விட்டரே அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறந்த தேதியை எந்த நொடியிலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜனவரி 1-ல் பிறந்த கிராமம்

பிறந்த தேதிகள் குவிந்த ஒரு பட்டியல் கையில் கிடைத்தால், அதில் பொய் கலந்திருக்கிறதா என்பதை ஒருவரையும் விசாரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்பது தெரியுமா? ஆண்டுக்கு 365 நாள். ஒரு லட்சம் பேர் இருந்தால் ஒரு தேதிக்குச் சுமார் 274 பேர் பிறந்திருப்பார்கள். ஜனவரி 1-ல் மட்டும் 5,000 பேர் நின்றால்? அவர்களில் பெரும்பாலோர் அன்று பிறக்கவில்லை; திரையில் முதலில் தெரிந்த தேதியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆண்டையும் பாருங்கள். 13 சரியாக நிறைகிற ஆண்டில் ஒரு மேடு, 18 நிறைகிற ஆண்டில் ஒரு மேடு, 1990, 2000 போன்ற முழு எண்களில் ஒரு மேடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வித்தை இணையத்தைவிட மூத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் விப்பிள் குறியீடு என்று வைத்திருக்கிறார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் 0-விலும் 5-லும் முடிகிற வயதைச் சொன்னார்கள் என்று பார்ப்பார்கள். இயல்பாக ஐந்தில் ஒரு பங்கினர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் குறியீடு 100. எல்லாருமே 25, 30, 35 என்று சொன்னால் 500. வயதைக் கேட்டால் 'முப்பது இருக்கும்' என்று சொல்லிப் பழகிய நம் நாட்டின் கணக்கெடுப்புகளில் இந்தக் குவியல் பிரசித்தம்!

ஆதாரிலும் இதே கதை உண்டு. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர் வயதை மட்டும் சொன்னால், அதிலிருந்து ஆண்டைக் கணித்து ஜனவரி 1 என்று பதிந்துவிடுவார்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு கிராமமே ஜனவரி 1-ல் பிறந்ததாக 2017-ல் செய்தி வந்தது! ஆதார் கிடங்கில் பிறந்த தேதிகள் மூன்று வகை: சான்று பார்த்தது, தானே சொன்னது, தோராயமானது. வயதைத் தீர்மானிக்க ஆதார் உகந்த ஆவணம் அல்ல, பள்ளிச் சான்றிதழே மேல் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது.

பள்ளிச் சான்றிதழா! நம்மூரில் ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு மே மாதத்திலும் ஜூன் மாதத்திலுமாகப் பிறந்தநாள் இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியர் தன் பேனாவால் பிறக்கவைத்த பிள்ளைகள் அவர்கள்.

காதைத் தொட்டுக் காட்டு!

தேதியை நம்ப முடியாது என்றால் உடம்பை நம்பலாமா? அதே தலைமையாசிரியர் தேதியே தெரியாத குழந்தைக்கு என்ன செய்வார்? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வார். எட்டினால் பள்ளி, எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு. சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருக்கும். ஆறு வயதை ஒட்டித்தான் கை எட்டும். சான்றிதழ் கேட்காமல், பெயர்கூடக் கேட்காமல் வயதை மதிப்பிடுவது. இன்று கேமரா முன் முகத்தைக் காட்டச் சொல்லி வயதைக் கணிக்கும் மென்பொருள்கள் செய்வது இதையேதான்!

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பிறந்த தேதியை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைத் திறக்க முடியாது. 'நானே சொல்கிறேன்' என்பது வயதுச் சோதனையே ஆகாது என்று ஆப்காம் கறாராகச் சொல்லிவிட்டது. அடையாள அட்டை, கடன் அட்டை, முகக் கணிப்பு என்று சில வழிகளை அது ஏற்கிறது.

முகக் கணிப்பு எவ்வளவு துல்லியம்? அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனம் ஆறு மென்பொருள்களைச் சுமார் 1.15 கோடிப் படங்களில் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டது. விசா விண்ணப்பப் படங்களில் சிறந்த மென்பொருளின் சராசரிப் பிழை 3.1 ஆண்டு. பத்தாண்டுக்கு முன் 4.3 ஆக இருந்தது. முன்னேற்றம்தான். ஆனால் 16 வயதுப் பையனை 19 என்று சொல்லிவிட இந்தப் பிழை போதும். ஆகவே என்ன செய்கிறார்கள்? 18-தான் எல்லை என்றாலும் மென்பொருளின் கண்ணுக்கு 25 என்று தெரிந்தால்தான் நேரே உள்ளே விடுகிறார்கள். இளமையாகத் தெரிகிற 22 வயதுக்காரர் அடையாள அட்டையைத் தேட வேண்டியதுதான்.

18-க்கு இந்த உபாயம் ஓரளவு உதவும். 13-க்கு? 12 வயது 11 மாதக் குழந்தையின் முகத்துக்கும் 13 வயது 1 மாதக் குழந்தையின் முகத்துக்கும் என்ன வித்தியாசம்? பிறந்தநாள் முகத்தில் எழுதியிருப்பதில்லை. மேலே எல்லையைத் தூக்கிவைத்தால் உண்மையாகவே 13, 14 ஆனவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே நிற்பார்கள். அவர்கள் கையில் நீட்டுவதற்கு ஓட்டுநர் உரிமமும் கிடையாது.

ஏமாற்றவும் செய்தார்கள்! பிரிட்டனில் சட்டம் நடைமுறைக்கு வந்த சில நாள்களிலேயே 'டெத் ஸ்ட்ராண்டிங்' என்ற வீடியோ விளையாட்டின் நாயகன் முகத்தைக் கேமரா முன் நீட்டி டிஸ்கார்டின் சோதனையை வென்றார்கள். 'வாயைத் திற' என்று மென்பொருள் கேட்டது. விளையாட்டிலேயே அந்தப் பாத்திரத்தை வாய் திறக்கவைத்தார்கள். இந்தப் பக்கம் அடையாள அட்டையைக் கொடுத்தவர்கள் கதி என்ன? அதே டிஸ்கார்டின் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்துவந்த வெளி நிறுவனத்தின் வழியாகச் சுமார் 70,000 பேருடைய அரசு அடையாள அட்டைப் படங்கள் திருட்டுப் போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் தெரியவந்தது. வயது தவறாகக் கணிக்கப்பட்டது என்று மேல்முறையீடு செய்ய அவர்கள் அனுப்பிய படங்கள் அவை!

தென்கொரியா அடையாள எண்ணையே கேட்டுப் பார்த்த நாடு. 16-க்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டுக்குள் நுழையக் கூடாது என்று 2011-ல் அங்கே சட்டம் வந்தது. 15 வயது ஸ்டார்கிராப்ட் வீரர் ஒருவர் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே மணி 12-ஐ நெருங்க, பெற்றோரின் கணக்கில் நுழைந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். எண் உண்மையானதுதான்; ஆள்தான் வேறு! அந்தச் சட்டத்தை 2021-ல் கைவிட முடிவு செய்தார்கள்.

'ஹேப்பி பர்த்டே'யை யார் படிக்கிறார்கள் தெரியுமா?

நீங்கள் போட்ட தேதியைத் தளங்களே முழுசாக நம்புவதில்லை! உங்களுக்கு வருகிற பிறந்தநாள் வாழ்த்துகளையும், அவற்றில் எழுதியிருக்கும் வயதையும் கவனிக்கிறோம் என்று பேஸ்புக் நிறுவனம் 2021-லேயே சொல்லிவிட்டது. பதிவில் 18 என்று இருக்கும். தோழிகள் '14-வது பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று குவித்திருப்பார்கள். எது உண்மை என்று கணினிக்குப் புரியாதா? யூடியூப் 2025 ஆகஸ்டு முதல் அமெரிக்காவில், என்ன தேடுகிறார், எந்த வகை வீடியோ பார்க்கிறார், கணக்கு திறந்து எத்தனை காலம் ஆகிறது என்பதை வைத்து வயதை ஊகிக்கத் தொடங்கியது. கார்ட்டூனை விரும்பிப் பார்க்கும் ஐம்பது வயதுக்காரர்களே, உஷார்! இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பிள்ளையைப் பற்றிய தகவலைத் திரட்டாதே என்று சொல்ல வந்த சட்டத்துக்காக, எல்லாரையும் இன்னும் கூர்ந்து வேவு பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் 13 அல்ல, 18 வயது நிறையாதவர்! பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் அவர்களுடைய தகவலைக் கையாளக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027-ல்தான் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.

அந்த விதிகளைப் படித்தால் ஒரு சுவாரஸ்யம் காத்திருக்கிறது. சம்மதம் கொடுப்பவர் வயது வந்தவர்தானா என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்று விவரமாகச் சொல்கிறார்கள். நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரம், டிஜிலாக்கர் வழியாக வரும் அடையாளம் என்றெல்லாம் வழி காட்டுகிறார்கள். ஆனால் அங்கே தந்திருக்கும் உதாரணங்கள் எப்படித் தொடங்குகின்றன? 'நான் குழந்தை' என்று குழந்தையே சொல்கிறது. அல்லது 'இது என் குழந்தைக்கு' என்று பெற்றோர் முன்வருகிறார். 'நான் 1995-ல் பிறந்தவள்' என்று 12 வயதுப் பெண் தட்டினால் அந்த வழிமுறைகள் எதுவும் விழித்துக்கொள்வதே இல்லை. பெற்றோரின் வயதுக்குப் பூட்டு போட்டுவிட்டு, பிள்ளையின் வயதுக்குப் பழைய மூன்று கட்டங்களையே விட்டுவைத்த சட்டம் என்றுதான் இதைச் சொல்வேன்.

ஆகவே 2027 வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளையின் போனை இன்றே கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டாகிராம், கூகுள், விளையாட்டு ஆப் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, செட்டிங்ஸில் பிறந்த ஆண்டு என்ன என்று பிள்ளையோடு சேர்ந்தே பாருங்கள். போட்டது நீங்களாகவே இருக்கலாம், திட்டாதீர்கள். 13 கடந்த பிள்ளை என்றால் சரியான ஆண்டைப் போட்டுவிடுங்கள். பதின்வயதுப் பாதுகாப்புகள் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். 13 ஆகாத பிள்ளை என்றால், தேதியைத் திருத்தியதும் தளம் கணக்கையே பூட்டக்கூடும். சேர்த்து வைத்திருக்கும் படங்களை முதலில் டவுன்லோடு செய்துகொண்டு, அதற்குப் பிறகு ஆண்டில் கைவையுங்கள்.